இரவு ஷிப்டுக்கு ஆள் வேண்டுமாம். பேருந்து மட்டும் வேண்டாமாம்

அந்தமான் தீவுகளின் மின்சாரத்தில் மிகப் பெரும்பகுதி டீசல் இயந்திரங்களிலிருந்து வருகிறது. அந்த இயந்திரங்கள் இரவில் உறங்குவதில்லை. அவற்றின் அருகே நிற்கும் தொழிலாளியும் உறங்குவதில்லை. விடியுமுன் மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் தேவை. விடிந்ததும் தேநீர்க் கடைக்கு ரொட்டி தேவை. துறைமுகத்தில் வந்து நிற்கும் கப்பலுக்குச் சரக்கு இறக்கும் கைகள் தேவை. இவை யாவும் இரவில் உழைப்போரால் நடப்பவை. அந்த உழைப்பாளி வீட்டிலிருந்து வேலைத்தலத்துக்கு எப்படி வந்து சேர்கிறார் என்ற கேள்வியை நிர்வாகமும் கேட்பதில்லை, முதலாளியும் கேட்பதில்லை. நம்முடைய தொழிற்சங்கக் கோரிக்கைப் பட்டியல்களிலும் அக்கேள்வி கடைசி வரிக்கு மேலே ஏறியதில்லை.

2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றினார்கள். ஒரு நகரத்தின் பெயரை மாற்ற ஓர் அறிவிப்பு போதுமானதாயிற்று. அதே நகரத்தில் இரவு பத்து மணி ஷிப்டுக்குச் செல்லும் தொழிலாளிக்கு ஒரு பேருந்தை விட எந்த அறிவிப்பும் வரவில்லை. மோகன்புரா நிலையத்திலிருந்து புறப்படும் அரசுப் பேருந்துகள் பகலெல்லாம் ஓடி, இரவு நெருங்கியதும் பணிமனைக்குள் ஒடுங்குகின்றன. டாலிகஞ்சிலும் கரச்சர்மாவிலும் உள்ள தொழிற்பேட்டைகள் நகரின் மையத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் இருப்பவை. பகலில் அது தூரமே அல்ல. நள்ளிரவில் அதுவே கடக்க முடியாத தூரம்.

கடிகாரமும் சூரியனும்

தீவுகளின் இரவைப் பற்றிப் பேசுவோர் முதலில் ஒன்றைக் கணக்கில் கொள்ள வேண்டும். இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம். அந்த நேரம் கிழக்கு 82.5 பாகை தீர்க்கரேகையைக் கொண்டு வகுக்கப்பட்டது. போர்ட் பிளேர் அதற்குக் கிழக்கே ஏறத்தாழ பத்துப் பாகை தள்ளியிருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் வீதம், இங்கே சூரியன் கடிகாரத்தைவிட நாற்பது நிமிடம் முந்திச் செல்கிறது. டிசம்பரில் மாலை ஐந்து மணியளவில் பொழுது சாய்ந்துவிடும். ஜூன் மாதத்திலும் ஐந்தே முக்காலைத் தாண்டாது.

இதன் விளைவைச் சட்டத்தோடு பொருத்திப் பாருங்கள். பெண்களின் இரவு வேலை குறித்த விதிகளில் இரவு என்பது மாலை 7 மணிக்குத் தொடங்குகிறது. டிசம்பர் மாதச் சென்னையில் அந்த ஏழு மணி, இருட்டிச் சற்றேறக்குறைய ஒரு மணி நேரம் கழிந்த பொழுது. போர்ட் பிளேரில் அது இருட்டி இரண்டு மணி நேரம் கழிந்த பொழுது. பத்து மணி ஷிப்டுக்குப் புறப்படும் தீவுத் தொழிலாளி, ஐந்து மணி நேர இருளுக்குப் பின் சாலையில் கால் வைக்கிறார். தலைநிலத்தின் மாலைப் பொழுதை அளவாகக் கொண்டு எழுதிய பேருந்து அட்டவணையும் சட்ட வரையறையும் இங்கே தொழிலாளியின் மெய்யான இரவை அளப்பதே இல்லை.

எட்டு மணி நேரக் கூலி, பதின்மூன்று மணி நேர உழைப்பு

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பாம்புஃப்ளாட்டில் குடியிருந்து கரச்சர்மாவில் வேலை செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பாம்புஃப்ளாட், சாத்தம் ஜெட்டியிலிருந்து பார்த்தால் கண்ணுக்கெதிரே, துறைமுக நீரின் அக்கரையில் இருக்கிறது. படகில் சில நிமிடப் பயணம். படகு ஓடாத வேளையில் பெரார்கஞ்ச் வழியாகச் சாலையில் சுற்றி வரவேண்டும். போர்ட் பிளேருக்கு அந்தச் சுற்று நாற்பது கிலோமீட்டருக்கும் மேல். ஆகவே அக்கரைத் தொழிலாளிக்குப் படகு என்பது பேருந்தினும் முந்திய தேவை. கடைசிப் படகைத் தவறவிட்டவருக்கு அன்றைய வேலை இல்லை, கூலியும் இல்லை.

அவர் ஷிப்டு இரவு 10 முதல் காலை 6 வரை. ஆனால் பத்து மணிக்கு உகந்த படகும் பேருந்தும் இல்லாததால், கிடைக்கும் கடைசிப் படகையும் அதை ஒட்டிய பேருந்தையும் பிடிக்க மாலை 7 மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்புகிறார் என்று கொள்வோம். எட்டரைக்கு ஆலை வாசலை அடைகிறார். ஒன்றரை மணி நேரம் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். காலை ஆறுக்கு வெளியே வந்து, பேருந்துக்கு நின்று, சாத்தத்தில் படகுக்கு நின்று, வீடு சேர 8 மணி. மாலை 7 முதல் காலை 8 வரை பதின்மூன்று மணி நேரம். கூலி கிடைப்பதோ எட்டு மணி நேரத்துக்கு. எஞ்சிய ஐந்து மணி நேரம் யாருடையது? மாதம் 26 நாள் என்றால் 130 மணி நேரம். அதாவது பதினாறு முழு ஷிப்டுகளின் நேரத்தை அவர் ஒவ்வொரு மாதமும் கூலியின்றிச் செலவிடுகிறார்.

ஷிப்டு நேரத்தை ஒட்டிப் படகும் பேருந்தும் ஓடினால் என்னவாகும்? இரவு 8.30க்குக் கிளம்பி 9.40க்கு வாசலை அடையலாம், காலை 7.30க்கு வீடு திரும்பலாம். பதின்மூன்று மணி நேரம் பதினொன்றாகக் குறைகிறது. நாளொன்றுக்கு இரண்டு மணி, மாதத்துக்கு 52 மணி நேரம் உறக்கத்துக்குக் கிடைக்கிறது. வீட்டுக்கும் ஆலைக்கும் இடையிலான தூரம் ஓர் அடிகூடக் குறையவில்லை. குறைந்தது காத்திருப்பு மட்டுமே. ஆகவே இழக்கப்படும் நேரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு கடலாலும் மலையாலும் விளைந்ததன்று. கால அட்டவணையால் விளைந்தது. தீவின் புவியியலைக் காட்டிக் கைவிரிப்போருக்கு இந்தக் கணக்கே பதில்.

ஆட்டோவில் போகலாமே என்பார்கள். இரவில் ஒரு வழிக்கு 200 ரூபாய் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், போக மட்டும் மாதம் 5,200 ரூபாய். ஒப்பந்தத் தொழிலாளி தம் சம்பளச் சீட்டை எடுத்து அதில் 5,200ஐக் கழித்துப் பார்க்கட்டும். மிஞ்சுவதுதான் அவருடைய உண்மையான கூலி. கூலி உயர்வுக்காகப் போராடி நாம் பெறும் ஒவ்வொரு ரூபாயையும் இந்த வழிச்செலவு ஓசையின்றித் திரும்பப் பறிக்கிறது. மார்க்ஸ் 'மூலதனம்' முதல் தொகுதியின் வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில் பகல் இரவு வேலைக்கும் ஆள்மாற்று முறைக்கும் தனிப் பகுதியே ஒதுக்கினார். இயந்திரம் சும்மா நிற்கும் ஒவ்வொரு மணியும் மூலதனத்துக்கு இழப்பு என்பதால்தான் இரவு ஷிப்டு பிறந்தது. இரவு ஷிப்டினால் ஆதாயம் அடைவது மூலதனம். அந்த ஷிப்டுக்கு வந்து சேரும் செலவைத் தாங்குவது தொழிலாளி. இந்த ஏற்பாட்டை இயற்கை நியதிபோல் நாம் ஏற்றுக்கொள்ள முடியாது.

சம்மதம் என்ற சொல்

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டன. பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் குறித்த தொகுப்பின் 43ஆம் பிரிவு, காலை 6 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் பெண்கள் அவர்தம் சம்மதத்துடன் வேலை செய்யலாம் என்கிறது. இதைப் பெண் விடுதலையின் மைல்கல் என்று ஒன்றிய அரசு கொண்டாடுகிறது.

பெண்களுக்கு இரவு வேலையை ஒட்டுமொத்தமாகத் தடை செய்த பழைய தொழிற்சாலைச் சட்டப் பிரிவை நாம் போற்றவில்லை. அதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று நீக்கியது. ஆனால் அத்தீர்ப்பு தடையை மட்டும் நீக்கிவிட்டு நிற்கவில்லை. இரவில் பெண்களை வேலைக்கு வைக்கும் முதலாளி நிறைவேற்ற வேண்டிய நிபந்தனைகளையும் வகுத்தது; வீட்டிலிருந்து வேலைத்தலத்துக்கும் அங்கிருந்து வீட்டுக்கும் போக்குவரத்து வசதி அவற்றுள் ஒன்று. உரிமையும் வண்டியும் ஒரே தீர்ப்பில் பிறந்தன. புதிய தொகுப்பிலோ சட்டத்தின் உடலில் இருப்பது சம்மதம். வண்டி, விதிகளுக்குத் தள்ளப்பட்டிருக்கிறது.

பேருந்து இல்லாத ஊரில் சம்மதம் என்பதன் பொருள் என்ன? இரவு ஷிப்டுக்குக் கையெழுத்திடாதவருக்கு வேலை இல்லை; கையெழுத்திட்டவருக்கு வழி இல்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பெண்ணின் கையொப்பத்தைச் சம்மதம் என்று எழுதுவது மொழிக்குச் செய்யும் துரோகம். மேலும் இந்த நிபந்தனை பெண்களுக்கு மட்டும் என்று இருக்கும்வரை முதலாளிக்கு எளிய வழி ஒன்று உண்டு. வண்டி விடும் செலவைத் தவிர்க்க அவர் இரவு ஷிப்டில் பெண்களைச் சேர்க்காமலே விடுவார். இரவுப் போக்குவரத்து ஆண், பெண் அனைவருக்குமான கடமையாக்கப்பட்டால்தான் பெண்ணின் வேலையுரிமையும் காப்பாற்றப்படும்.

இன்னொரு பொறியையும் கவனிக்க வேண்டும். பழைய சட்டத்தில் மின்சக்தி கொண்டு இயங்கும் இடத்தில் பத்துப் பேர் இருந்தாலே அது தொழிற்சாலை. புதிய தொகுப்பில் இருபது பேர் வேண்டும். மின்சக்தி இல்லாத இடத்தில் இருபது என்பது நாற்பதாக உயர்ந்திருக்கிறது. தலைநிலத்தின் பெருந்தொழிற்சாலைகளுக்கு இந்த மாற்றம் ஒரு பொருட்டல்ல. பன்னிரண்டு பேர், பதினைந்து பேர் வேலை செய்யும் சிறு கூடங்களே நிறைந்த தீவுத் தொழிற்பேட்டைக்கு இதுவே எல்லாம். ஒரு கோடு நகர்த்தப்பட்டதும் கூடம் கூடமாகத் தொழிலாளிகள் தொழிற்சாலை என்ற வரையறைக்கு வெளியே தள்ளப்படுகிறார்கள்.

வழியில் செத்தால் யார் பொறுப்பு?

மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலையின் காவலாளிக்கு ஷிப்டு அதிகாலை 3 மணி முதல் முற்பகல் 11 மணி வரை. 2003 ஏப்ரல் 22 அன்று அவர் இருளில் மோட்டார் சைக்கிளில் ஆலைக்குப் புறப்பட்டார். ஆலைக்கு ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தொலைவில் விபத்தில் இறந்தார். மனைவியும் நான்கு பிள்ளைகளும் தாயும் எஞ்சினர். இழப்பீட்டு ஆணையர் 3,26,140 ரூபாயும் வட்டியும் வழங்க உத்தரவிட்டார். காப்பீட்டு நிறுவனம் மேல்முறையீடு செய்தது. ஆலை வாசலுக்கு வெளியே நேர்ந்த மரணம் வேலையோடு சேராது என்று 2011இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவைத் தள்ளியது. 2025 ஜூலை 29 அன்று உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத் தீர்ப்பை நீக்கி ஆணையரின் உத்தரவை மீட்டது. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து.

அந்தத் தீர்ப்பின் மையம் ஒரு சிறு சொற்றொடர். வேலையினால், வேலையின் போக்கில் நேர்ந்த விபத்து என்று தமிழில் எழுதுகிறோம். சட்ட நூல்களைப் பெயர்த்துப் பழகிய எவருக்கும் அந்தப் 'போக்கு' என்ற சொல்லின் அருமை தெரியும். போகிற வழியும் அதற்குள் அடங்குமா என்பதுதான் வழக்கு. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தில் 2010இல் சேர்க்கப்பட்ட 51ஈ பிரிவு, வீட்டுக்கும் வேலைத்தலத்துக்கும் இடையிலான பயணத்தில் நேரும் விபத்தையும் வேலையோடு சேர்த்தது. அதே பொருளைப் பழைய இழப்பீட்டுச் சட்டத்துக்கும் கொள்ள வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் முடிவு. இழப்பீட்டுச் சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் கரைந்துவிட்டது. அத்தொகுப்பின் 74ஆம் பிரிவிலும் பயண விபத்து இடம்பெற்றிருக்கிறது.

ஆனால் இரண்டிலும் ஒரு நிபந்தனை உண்டு. விபத்து நேர்ந்த சூழல், நேரம், இடம் ஆகியவற்றுக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பு மெய்ப்பிக்கப்பட வேண்டும். சர்க்கரை ஆலைக் காவலாளியின் குடும்பம் வென்றதற்குக் காரணம், ஷிப்டு மூன்று மணிக்கு என்பது ஐயமின்றி நிலைநாட்டப்பட்டிருந்தது. அவர் சென்ற வழியும் நேரமும் அதற்குப் பொருந்தின. நம் தீவுகளில் ஒப்பந்தக்காரரின் வாய்மொழி அழைப்பில் வேலைக்குச் செல்லும் தொழிலாளிக்கு ஷிப்டு நேரத்தை எழுத்தில் காட்டும் ஒரு தாள்கூட இருப்பதில்லை. நாளை அவர் சாலையில் விழுந்தால், அன்றிரவு அவருக்கு வேலையே இல்லை என்று ஒப்பந்தக்காரர் ஒரே வாக்கியத்தில் கைகழுவிவிடலாம்.

இதோடு சேர்ந்தது சரக்கு வண்டிப் பயணம். பேருந்து இல்லாத வேளையில் பிக்அப் வண்டியின் பின்புறத்திலும் தண்ணீர் லாரியின் ஓட்டுநர் அருகிலும் ஏறிக்கொள்வது தொழிலாளிக்கு வழக்கம். ஏற்றிக்கொள்ளும் ஓட்டுநரும் இரக்கத்தால்தான் ஏற்றுகிறார். ஆயினும் சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிச் செல்லும் பயணிக்கு வண்டியின் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகாது என்பது ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நிலை. எனவே அத்தகைய விபத்தில் குடும்பத்துக்கு எஞ்சும் உறுதியான வழி, வேலை கொடுத்தவர்மீதான இழப்பீட்டுக் கோரிக்கை ஒன்றே. அதற்கு மறுபடியும் தேவைப்படுவது ஷிப்டு நேரத்தைக் காட்டும் அந்த ஒற்றைத் தாள்.

நிறுவன வண்டியா, பொதுப் பேருந்தா?

நம் தோழர்கள் சிலரிடையே ஒரு கருத்து உண்டு. முதலாளியே வண்டி விடட்டும் என்று கோரினால் போதும். திருப்பெரும்புதூர் பகுதியில் ஆலைகள் ஒப்பந்தப் பேருந்துகளை அனுப்பித் தொலைதூர ஊர்களிலிருந்து தொழிலாளிகளை ஏற்றி வருகின்றனவே என்கிறார்கள். மூலதனம் விரும்பினால் நள்ளிரவிலும் பேருந்து ஓடும் என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் அதுவே நமக்கு முன்மாதிரி ஆகுமா?

இரண்டு காரணங்களால் ஆகாது. முதலாவது, ஆயிரக்கணக்கானோர் உழைக்கும் ஆலைக்கு ஐம்பது பேருந்து எளிது. பன்னிரண்டு பேர் உழைக்கும் ஐஸ் கூடத்துக்கு ஒரு பேருந்தும் அரிது. தனித்தனி முதலாளியிடம் தனித்தனி வண்டி கேட்டால், கரச்சர்மாவின் சிறு கூடங்கள் ஒவ்வொன்றும் முடியாது என்று சொல்வதில் ஓரளவு உண்மையும் இருக்கும். அடுத்தடுத்து நிற்கும் இருபது கூடங்களின் தொழிலாளிகளைச் சேர்த்துப் பார்த்தால் மட்டுமே ஒரு பேருந்து நிறையும். அப்படிச் சேர்த்துப் பார்க்கக்கூடியது பொதுப் போக்குவரத்துதான்.

இரண்டாவது, ஒப்பந்த வண்டி என்பது பாதுகாப்புக்கு உறுதிமொழி ஆகாது. 2005 டிசம்பரில் பெங்களூரில் இரவு ஷிப்டுக்கு அழைத்துச் செல்ல வந்த வண்டியோட்டியாகத் தோன்றியவனாலேயே ஒரு கால்சென்டர் ஊழியர் கொல்லப்பட்டார். 2007இல் புனேயிலும் நிறுவனத்துக்காக ஓடிய வண்டியிலேயே அத்தகைய கொடுமை நேர்ந்தது. இரண்டு இடங்களிலும் நிறுவனம் வண்டி ஏற்பாடு செய்திருந்தது. வண்டி இருந்தது, பொறுப்பு ஒப்பந்தக்காரரிடமிருந்து துணை ஒப்பந்தக்காரருக்குக் கைமாறியிருந்தது. அறியப்பட்ட பணியாளர்களும் பதிவான நேரமும் பலர் ஏறும் இருக்கைகளும் கொண்ட அரசுப் பேருந்தில் அந்தத் தனிமை இல்லை.

செலவை யார் ஏற்பது என்பதற்கும் விடை புதிதன்று. பிரான்சு நாட்டில் 1971 முதல் பாரிஸ் வட்டாரத்திலும், 1973 முதல் பிற நகரங்களிலும், முதலாளிகள் தம் ஊழியர் சம்பளத் தொகையின் அளவுக்கேற்பப் பொதுப் போக்குவரத்துக்கு வரி செலுத்துகிறார்கள். ஊழியர் வந்து சேர்வதால் ஆதாயம் அடைவோர் அந்த வருகைக்குப் பங்களிக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. அது சோசலிச நாடன்று. அங்கும் மூலதனத்தின் ஆட்சியே. அங்கே முடிந்தது, தொழிற்பேட்டையில் அரசு நிலத்தைக் குத்தகைக்குப் பெற்றிருக்கும் கூட உரிமையாளரிடம் இங்கே ஏன் முடியாது?

நட்டம் என்ற பூச்சாண்டி

இரவில் ஆள் ஏறமாட்டார்கள், பேருந்து காலியாக ஓடும், நட்டம் என்பது வழக்கமான மறுப்பு. கடைவீதிப் பயணியை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு அது. ஷிப்டுப் பேருந்தின் கணக்கு வேறு. மோகன்புராவிலிருந்து 9.10க்குப் புறப்படும் பேருந்து, டாலிகஞ்ச் வழியாகக் கரச்சர்மாவை 9.40க்கு அடைந்து இரவு ஷிப்டுத் தொழிலாளிகளை இறக்குகிறது. அங்கேயே நின்று, 10.20க்கு இரண்டாம் ஷிப்டு முடித்தவர்களை ஏற்றித் திரும்புகிறது. காலையில் 5.10க்கு முதல் ஷிப்டினரோடு சென்று 6.20க்கு இரவு ஷிப்டினரோடு திரும்புகிறது. போகும்போதும் ஆள், வரும்போதும் ஆள். இரவு முழுதும் பேருந்து அலைய வேண்டியதில்லை. ஷிப்டு மாறும் இரண்டு தருணங்களில் ஒவ்வொரு சுற்று போதும். அதற்கு இணையாகப் பாம்புஃப்ளாட்டிலிருந்து இரவு 8.45க்கும் விடியலிலும், சாத்தத்திலிருந்து இரவு பதினொன்றுக்கும் காலை ஏழுக்கும் ஒரு சிறு பயணிப் படகு. வாகனங்களை ஏற்றும் பெரிய படகு அதற்குத் தேவையில்லை.

ஓட்டுநரும் நடத்துநரும் படகுப் பணியாளரும் இரவுத் தொழிலாளிகளே என்பதையும் நாம் மறக்கலாகாது. முதல் சுற்றுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் இடையே ஆறு மணி நேரம் இருக்கிறது. பணிமனையில் படுக்கையும் கழிவறையும் குடிநீரும் கொண்ட ஓய்வறை இல்லாமல் இந்தச் சேவையைக் கோரினால், ஒரு தொழிலாளியின் சுமையை இன்னொரு தொழிலாளியின் தோளுக்கு மாற்றுவதாகவே முடியும். பகல் முழுதும் ஓட்டியவரையே இரவுக்கும் அனுப்பும் தந்திரத்தை நாம் ஏற்கக் கூடாது. இரவுச் சேவைக்குத் தனிப் பணியாளர் நியமனம் நம் கோரிக்கையின் பிரிக்க முடியாத பகுதி.

எங்கள் அதிகார வரம்பில் இல்லை என்று சொல்லும் வசதியும் இங்கே எவருக்கும் கிடையாது. அந்தமான் நிக்கோபார், சட்டமன்றம் இல்லாத ஒன்றியப் பிரதேசம். பேருந்தை ஓட்டுவது நிர்வாகத்தின் போக்குவரத்து இயக்ககம். படகை ஓட்டுவது நிர்வாகத்தின் கப்பல் துறை. தொழிற்பேட்டைக்கு நிலம் தருவது நிர்வாகத்தின் தொழில் துறை. தொழிலாளர் சட்டத்தை அமலாக்க வேண்டியது நிர்வாகத்தின் தொழிலாளர் துறை. எல்லாவற்றுக்கும் தலைமை ஒரே துணைநிலை ஆளுநர்; அவருக்கு மேலே ஒன்றிய உள்துறை. நான்கு அறைகளில் உட்கார்ந்திருப்பது ஒரே அரசுதான்.

அதே அரசு கிரேட் நிக்கோபார் தீவில் 130 சதுரக் கிலோமீட்டர் காட்டை அழித்து, கலத்தியா விரிகுடாவில் இரவு பகலாக இயங்கும் சரக்கு மாற்றுத் துறைமுகமும் விமான நிலையமும் நகரமும் எழுப்பப் போவதாகச் சொல்கிறது. எழுபதாயிரம் கோடிக்கும் மேற்பட்ட திட்டம். 24 மணி நேரத் துறைமுகம் என்றால் 24 மணி நேரத் தொழிலாளி என்று பொருள். பத்துக் கிலோமீட்டர் தொலைவுத் தொழிற்பேட்டைக்கு இரவில் ஒரு பேருந்து விட இயலாதவர்கள், அந்தத் தீவில் தொழிலாளியை எங்கே குடிவைத்து எப்படி அழைத்துச் செல்வார்கள்? ஆலை வளாகத்துக்குள்ளேயே தகரக் கொட்டகையில் அடைத்து வைப்பார்கள் என்பதே கடந்தகால அனுபவம் தரும் விடை. வீட்டுக்குப் போக வழியற்ற தொழிலாளி, எந்நேரமும் அழைக்கத்தக்க தொழிலாளி.

கிளைகள் எடுக்க வேண்டிய பணி

முதலில் எழுத்தில் ஆதாரம் திரட்ட வேண்டும். ஒவ்வொரு கூடத்திலும் இரவுத் தொழிலாளி ஒருவர் ஒரு மாதம் நான்கு செய்திகளைக் குறித்து வரட்டும்: வீட்டை விட்டுக் கிளம்பிய நேரம், வாசலை அடைந்த நேரம், வீடு திரும்பிய நேரம், வழிக்குக் கொடுத்த பணம். மேலே காட்டிய கணக்கு ஒரு மாதிரியே; அதனிடத்தில் நம் தொழிலாளிகளின் சொந்தக் கணக்கு வரவேண்டும். இருபது கூடங்களின் குறிப்பேடுகளை ஒன்றுசேர்த்தால், எந்த நேரத்தில் எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது தானே தெரிந்துவிடும். ஆள் ஏறமாட்டார்கள் என்று சொல்லும் அதிகாரியின் மேசைமேல் வைக்க வேண்டியது அந்தப் பட்டியலைத்தான்.

அடுத்து, தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் போக்குவரத்து இயக்ககத்துக்கும் கப்பல் துறைக்கும் விண்ணப்பம் அளிக்க வேண்டும். தொழிற்பேட்டை வழித்தடங்களில் முதல், கடைசிப் பேருந்து நேரம் என்ன? சாத்தம்–பாம்புஃப்ளாட் படகின் முதல், கடைசி நேரம் என்ன? காலியாக உள்ள ஓட்டுநர், நடத்துநர் பணியிடங்கள் எத்தனை? முப்பது நாளுக்குள் பதில் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள். காலிப் பணியிட எண்ணிக்கை கிடைத்துவிட்டால், நட்டம் என்ற சொல்லுக்குப் பின்னால் மறைந்திருப்பது ஆள்குறைப்பா என்பது விளங்கும்.

மூன்றாவது, ஷிப்டு அட்டவணையை எழுத்தில் பெற வேண்டும். ஒப்பந்தக்காரர் கையொப்பமிட்டுத் தர மறுத்தால், நுழைவுப் பதிவேட்டுப் பக்கத்தின் படமோ, வேலைக்கு அழைத்த கைபேசிச் செய்தியோ காக்கப்பட வேண்டும். விபத்து நேர்ந்தால் முதல் நாளே இழப்பீட்டு அறிவிப்பு அளிக்க வேண்டும். கோரிக்கைக்கு இரண்டு ஆண்டுக் கெடு உண்டு என்று அமர்ந்திருந்தால் சாட்சிகள் கலைந்துவிடுவர். ஒப்பந்தக்காரரோடு முதன்மை வேலையளிப்பவரையும் சேர்த்தே கோரிக்கை எழுத வேண்டும்.

இந்த மூன்றும் கையில் இருக்கும்போது நம் கோரிக்கைகள் தெளிவானவை. ஷிப்டு மாறும் நேரங்களில் தொழிற்பேட்டைகளுக்கு அரசுப் பேருந்தும் அதோடு இணைந்த படகும் வேண்டும். அதன் செலவில் ஒரு பங்கைத் தொழிற்பேட்டை முதலாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும். இரவுப் போக்குவரத்தை ஆண் பெண் வேறுபாடின்றி, கூடத்தின் அளவு பாராமல், வேலையளிப்போரின் கடமையாக விதிகளில் எழுத வேண்டும். புயல் எச்சரிக்கையால் படகு நிறுத்தப்படும் இரவுகளில் வர இயலாதவருக்குக் கூலி பிடிக்கலாகாது. பேருந்து, படகுப் பணியாளருக்குத் தனி நியமனமும் ஓய்வறையும் வேண்டும்.

பேருந்துத் தொழிலாளர் சங்கமும் துறைமுகத் தொழிலாளர் சங்கமும் மின்துறைத் தொழிலாளர் சங்கமும் ஒரே மேடையில் எழுப்பினால் மட்டுமே வெல்லக்கூடிய கோரிக்கை இது. தனித்தனி வாயில் கூட்டங்களில் இதைப் பேசிப் பயனில்லை. வரும் வாரத்தில் ஒவ்வொரு கிளையும் தன் பகுதியின் இரவுத் தொழிலாளிகளைக் கணக்கெடுத்து, இரவு பத்து மணிக்கும் காலை ஆறு மணிக்கும் தொழிற்பேட்டை வாசலில் நின்று, குறிப்பேடுகளை அவர்கள் கையில் சேர்க்கட்டும். அந்நேரத்துக்கு அங்கே போய்ச் சேர்வது எப்படி என்று தோழர்கள் யோசிக்கத் தொடங்கும்போதே பிரச்சினை பாதி புரிந்துவிடும்.